பயிற்சித்தாளைப் பெயர்த்தமைத்தல்: வாசிப்பு இடர்ப்பாடுடைய குழந்தைக்கான தமிழ்த் தாள் ஒன்றின் திறனாய்வு

வாசிப்பு இடர்ப்பாடு (டிஸ்லெக்சியா) உடைய குழந்தைக்குப் பயிற்சித்தாள் ஒன்றை மாற்றியமைக்கும்போது நான்கு செயல்கள் பொதுவாக மேற்கொள்ளப்படுகின்றன. எழுத்துரு மாற்றப்படும், எழுத்துகளுக்கும் சொற்களுக்கும் இடையே இடைவெளி கூட்டப்படும், வினாக்களின் எண்ணிக்கை குறைக்கப்படும், பக்கத்தின் அமைப்பு எளிமையாக்கப்படும். இந்நான்கும் ஆசிரியர்தம் கைவினையைச் சார்ந்தவை என்று கருதப்படுவதால் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவற்றின்பால் கருத்துச் செலுத்துவதில்லை. ஆயின், இந்நெறிகள் யாவும் உரோமன் வரிவடிவத்தில் எழுதப்படும் மொழிகளிலே தோன்றி, அம்மொழிகளின் எழுத்தை அலகாகக் கொண்டு வகுக்கப்பட்டவை. அவற்றைத் தமிழ்த் தாளுக்குக் கொண்டுவருவது ஒருவகைப் பெயர்ப்பே ஆகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்கிறது. கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில் இக்கட்டுரையாளர் கண்ட தாள் ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம்.

மட்டாஞ்சேரி வட்டாரம் பல மொழிகள் அடுத்தடுத்து வழங்கும் இடம். கொங்கணியும் குசராத்தியும் கச்சியும் உருதுவும் மலையாளத்தோடு அங்கு ஒலிக்கின்றன. தமிழும் புதிதாக வந்ததன்று. கோட்டைக் கொச்சியின் வெளிப்பகுதியில் உள்ள சலவைத்துறையில் தொழில் செய்வோர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வருவோரே. இத்தகைய குடும்பங்களின் குழந்தைகள் பலர் பள்ளியில் மலையாளத்தையும் வீட்டில் தமிழையும் கொள்கின்றனர். தமிழ் எழுத்து அவர்களுக்கு மாலை வகுப்புகளில் கிடைக்கிறது. அத்தகைய வகுப்பு ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பயின்றாள். மலையாளத்தில் அவளுக்கு வாசிப்பு இடர்ப்பாடு உண்டென்று முன்பே கண்டறியப்பட்டிருந்தது. கொச்சித் தமிழின் பேச்சு வழக்கைப் பதிவு செய்யச் சென்ற இக்கட்டுரையாளரிடம் ஆசிரியை இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது; மற்றொன்று இச்சிறுமிக்கென மாற்றியமைத்தது.

பொதுத்தாளில் இருபது சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓரெழுத்து விடப்பட்டு, அவ்விடத்தில் கோடு இடப்பட்டிருந்தது. சொற்களின் வரிசை இது: பல், கல், பாலம், நிலா, கிளி, பள்ளி, தோள், கொள்ளு, மழை, வாழை, கோழி, பழம், கறி, கரி, மரம், மறம், மனம், மணம், கண், பனை. முதல் எட்டும் லகர ளகர வேறுபாட்டைப் பற்றியவை; அடுத்த நான்கு ழகரம்; அதன்பின் ரகர றகரம்; இறுதியில் னகர ணகரம். எழுத்தின் அளவு 11 பாயிண்ட். படியெடுத்ததில் புள்ளிகள் சில மங்கியிருந்தன. சிறுமி முதல் எட்டில் மூன்றைச் சரியாக நிரப்பினாள். ஒன்பதாவதாகிய மழையில் நின்றுவிட்டாள்.

மாற்றியமைத்த தாளில் எழுத்து 18 பாயிண்ட். எழுத்துகளுக்கிடையே 3 பாயிண்ட் இடைவெளி கூட்டப்பட்டிருந்தது. இருபது சொற்களில் முதல் எட்டு மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டன. அவை இரண்டு பத்திகளாக, இளமஞ்சள் தாளில், உருண்டையான எழுத்துருவில் அச்சிடப்பட்டிருந்தன. சிறுமி எட்டில் ஆறைச் சரியாக நிரப்பினாள். மூன்று ஆறாயிற்று என்று ஆசிரியை மகிழ்ந்தார். மகிழ்ச்சியில் பொருளும் உண்டு. ஆயினும் எஞ்சிய இரண்டு பிழைகளை நோக்கியபோது, மாற்றத்தின் நன்மையும் தீமையும் ஒருங்கே தாளில் இருப்பது புலனாயிற்று. பிழையான சொற்கள் தோள், கொள்ளு என்பன. அவை இரண்டுமே உயிர்மெய்க்குறி இருபுறமும் நிற்கும் சொற்கள். அந்த எட்டில் அத்தகைய சொற்கள் வேறு இல்லை.

எழுத்திடை வெளி

எழுத்துகளுக்கிடையே வெளியைக் கூட்டுதல் என்னும் நெறிக்குச் சான்று உண்டு. இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் சோர்சியும் பிறரும் நடத்தி 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 14 பாயிண்ட் அளவுள்ள எழுத்துகளுக்கிடையே வழக்கத்தைவிட 2.5 பாயிண்ட் கூட்டியபோது வாசிப்பு இடர்ப்பாடுடைய குழந்தைகள் பிழை குறைந்தும் விரைந்தும் வாசித்தனர். இதற்கு நெருக்க விளைவு காரணமாகக் கூறப்படுகிறது. தனித்து நிற்கும்போது இனங்காணப்படும் ஓர் எழுத்து, இருபுறமும் பிற எழுத்துகள் நெருங்கி நிற்கும்போது இனங்காணப்படாது போகிறது. இடர்ப்பாடுடையோர் சிலரிடம் இவ்விளைவு மிகுதி. வெளியைக் கூட்டினால் நெருக்கம் தளர்கிறது. பயன் எல்லார்க்கும் ஒருபடித்தானதன்று. நெருக்க விளைவு மிகுந்தோரே அதனால் மிகுதியும் பயனடைகின்றனர் என 2018ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

இங்கு 'எழுத்து' என்னும் சொல்லில் நின்று நோக்கவேண்டும். இத்தாலிய மொழியில் எழுத்து என்பது ஒரு வடிவம். அதன் இருபுறமும் வெளி இடலாம். தமிழில் எழுத்து என்று இலக்கணம் கொள்வது அவ்வடிவத் துண்டையன்று. 'கொ' என்பது ஓரெழுத்து, உயிர்மெய். அதன் வரிவடிவமோ ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று துண்டுகளால் ஆனது. வெளியை எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே இடுக என்றால், கொம்புக்கும் ககரத்துக்கும் இடையே இடுக என்று பொருளாகாது. ஆனால் இத்தாளில் நேர்ந்தது அதுவே.

காரணம் எளியது. தாள், அச்சகத் தட்டச்சு நிலையங்களில் இன்றும் பயிலும் பழைய எழுத்துரு ஒன்றில் அமைக்கப்பட்டிருந்தது. அவ்வகை எழுத்துருக்களில் கொம்பு, மெய், கால் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தனித்தனியே தட்டப்படுகின்றன. கணிப்பொறிக்கு அவை மூன்று எழுத்துகள். ஆகவே 3 பாயிண்ட் வெளி என்று கட்டளையிட்டால் ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் அது வெளி விடுகிறது. ஒருங்குறியில் அமைந்த தமிழில் 'கொ' என்பது ககரமும் ஒகரக்குறியும் சேர்ந்த ஒரு தொகுதியாகச் சேமிக்கப்படுகிறது. நல்ல மென்பொருள் தொகுதியைப் பிளக்காமல் அதன் வெளிப்புறத்தில் மட்டும் வெளி விடும். எல்லா மென்பொருளும் அவ்வாறு செய்வதில்லை. எனவே அச்சிடுமுன் கொக்கு, தோரணம், பையன் என்னும் மூன்று சொற்களை வெளி கூட்டி அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். கொம்பு விலகி நின்றால் எழுத்திடை வெளியைக் கைவிட்டு, எழுத்தின் அளவையும் சொல்லிடை வெளியையும் மட்டும் கூட்டுவதே தக்கது.

விலகி நின்ற கொம்பைக் காட்டிலும் விலகி நின்ற கால் மிகுந்த தீங்கு செய்கிறது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவில் உள்ள வேறுபாடு கீழே சரிந்த சிறு வால் ஒன்றே. காலானது மெய்யை ஒட்டி நிற்கும்வரை அதனை ரகரம் என யாரும் கொள்வதில்லை. இடமே அதனை விளக்குகிறது. ஒட்டு நீங்கியவுடன் விளக்கமும் நீங்குகிறது. தோள் என்னும் சொல்லைச் சுட்டி அச்சிறுமி, "டீச்சர், இது காலா, ரவா?" என்று கேட்டாள். கேள்வி மிகப் பொருத்தமானது. இரட்டைக்கொம்பும் தகரமும் தனித்து நிற்கும் காலும் அவள் கண்ணுக்குத் 'தேர' என்றே தோன்றின. பின்னர் கொள்ளு என்பதனைக் 'கெர' என்று தொடங்கினாள். அவள் அறியாமையால் பிழைத்தாள் என்று இதனைக் கொள்ளலாகாது. தாளில் அச்சிட்டிருந்ததை அவள் உள்ளபடியே வாசித்தாள்.

புள்ளிக்கு நேர்ந்ததும் இத்தகையதே. பழைய எழுத்துருக்களில் புள்ளி அகலமற்ற தனி வடிவம். முன்நின்ற எழுத்தின் தலைமேல் பின்னோக்கிச் சென்று அமர்வது. இடையே 3 பாயிண்ட் வெளி புகுந்தால் புள்ளி அந்த அளவு வலப்புறம் நகர்கிறது. பள்ளி என்னும் சொல்லில் அது முதல் ளகரத்துக்கும் இரண்டாம் ளகரத்துக்கும் நடுவே தொங்கியது. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் எழுத்திலக்கணம். ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டபோது வாசிப்போர் சூழலால் அதனை உய்த்துணர்ந்தனர். உய்த்துணர்தல் கைவராத குழந்தைக்குப் புள்ளி எவ்வெழுத்தினது என்பது ஐயமின்றித் தெரியவேண்டும்.

சுள்ளிக்கல் குழந்தைக்கு இது மேலும் இன்றியமையாதது. மலையாளத்தில் சொல்லிறுதியில் வரும் ன், ண், ர், ல், ள் ஆகியவற்றுக்குச் சில்லெழுத்துகள் எனப்படும் தனி வடிவங்கள் உள்ளன; மேற்குறி ஏதும் இடப்படுவதில்லை. கல், கண் என்னும் சொற்களில் மெய்யை உணர்த்துவது அவளுக்குப் பள்ளியில் முழு வடிவம்; மாலை வகுப்பில் ஒரு சிறு புள்ளி. இரு மொழி எழுத்தும் ஒரே குடும்பத்தவை என்பதால் மாற்றம் எளிது என்று எண்ணுவோர் இவ்விடத்தைக் கருதுவதில்லை.

எழுத்துருத் தேர்வு

வாசிப்பு இடர்ப்பாடுடையோர்க்கெனத் தனி எழுத்துருக்கள் உள்ளன. ஆலந்து நாட்டில் 2008இல் கிறிஸ்டியன் போவர் உருவாக்கிய 'டிஸ்லெக்சி'யும், 2011இல் வெளிவந்த 'ஓப்பன் டிஸ்லெக்சிக்'கும் பலரால் அறியப்பட்டவை. இவற்றில் எழுத்துகளின் அடிப்பகுதி கனத்திருக்கும். உரோமன் எழுத்துகளில் இடவல மாற்றத்தால் மயங்கும் இணைகள் உண்டு. அடிகனத்தால் அவை நிலைத்து நிற்கும் என்பது கருத்து. ஆசுதிரேலியாவில் மரினசும் பிறரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, டிஸ்லெக்சி எழுத்துருவால் கிடைத்த சிறு பயன் வடிவத்தால் வந்ததன்று, அவ்வெழுத்துரு இயல்பாகவே கொண்டுள்ள அகன்ற இடைவெளியால் வந்தது எனக் காட்டியது. வழக்கமான எழுத்துருவுக்கும் அதே வெளியைக் கொடுத்தபோது வேறுபாடு மறைந்தது. ஓப்பன் டிஸ்லெக்சிக் பற்றி 2017இல் வெளியான ஆய்வும் பயன் காணவில்லை.

தமிழ்த் தாளைப் பொறுத்தவரை இவ்விவாதமே எழ இடமில்லை. ஓப்பன் டிஸ்லெக்சிக்கில் தமிழ் வடிவங்கள் இல்லை. அதனைத் தேர்ந்தெடுத்துத் தமிழைத் தட்டினால் கணிப்பொறி தானாகவே வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பும். ஆசிரியர் தாம் எழுத்துருவை மாற்றியதாகவே நம்பியிருப்பார். மேலும், ஒன்றைத் திருப்பினால் மற்றொன்றாகும் இணை தமிழில் சிக்கலாக அமையவில்லை. தமிழின் மயக்கம் வேறு இடங்களில் உள்ளது. காலும் ரகரமும் ஒன்று. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மற்றொன்று. எகர ஏகாரக் குறிகளுக்கு இன்றுள்ள வேறுபாட்டை வகுத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். னகர ணகரங்களின் சுழி எண்ணிக்கை மூன்றாவது. ஔகாரக்குறியின் வலப்பகுதி ளகரமாகவே தோன்றுவதும் ஒன்று. கௌதாரி என்பதனைத் தட்டச்சர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு அமைத்துவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதே இல்லை.

எனவே தமிழ் எழுத்துருவைத் தேர்வதற்கு அதன் உருண்டைத் தன்மையோ குழந்தைத் தோற்றமோ அளவுகோல் ஆகா. காரம் என்னும் ஒரு சொல்லை அச்சிட்டுப் பார்த்தால் போதும். காலும் ரகரமும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. ரகரத்தின் வால் தெளிவாக இறங்கியிருக்கிறதா என்று காணலாம். அடுத்து நேர், சரி என்னும் சொற்களை அச்சிட்டுப் பார்த்தல் நன்று. அச்சு மரபில் புள்ளியோ இகரக்குறியோ பெறும்போது ரகரத்தின் வாலை விட்டுவிடும் வழக்கம் உண்டு. சில எழுத்துருக்கள் இன்றும் அதனைப் பின்பற்றுகின்றன. பழகிய வாசகர் அதனைக் கவனிப்பதே இல்லை. கற்கும் குழந்தைக்கோ தலையில் புள்ளி பெற்ற கால் ஒன்று எதிர்ப்படுகிறது. ஆசிரியை தேர்ந்த உருண்டை எழுத்துருவில் வால் எங்குமே இல்லை. தேர்வு அன்பினால் செய்யப்பட்டது; ஆயினும் 11 பாயிண்ட் அளவில் இருந்த பழைய எழுத்துருவே இவ்வொரு வகையில் சிறந்திருந்தது.

இடையே ஒன்று கூறலாம். ஆ, ஐ ஆகிய உயிர்களின் குறிகளை ஒழுங்குபடுத்திய 1978ஆம் ஆண்டுத் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தத்தை அச்சு வசதி பற்றியே பலரும் பேசுவர். லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு முன்பிருந்த தனி வடிவங்கள் நீங்கி, எல்லாம் ஒரே ஐகாரக் கொம்பைப் பெற்றதால் மனத்தில் இருத்தவேண்டிய வடிவங்கள் குறைந்தன. வாசிப்பு இடர்ப்பாடுடைய குழந்தைக்கு அது எந்த எழுத்துருவும் தரவியலாத உதவி. உகர ஊகாரக் குறிகள் மட்டும் இன்னும் மெய்தோறும் வேறுபட்டு நிற்கின்றன. மலையாளத்திலோ 1971ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அக்குறிகளைத் தனியே பிரித்து மெய்யின் வலப்புறம் நிறுத்தியது. அங்கு ஒரு குறியைக் கற்ற சிறுமி இங்கு கு, சு, டு, மு என ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்கவேண்டியிருக்கிறது.

கோடிட்ட இடம்

சிறுமி பொதுத்தாளில் மழையிடத்து ஏன் நின்றாள் என்பதனை ஆசிரியை சோர்வு என்று விளக்கினார். இருக்கலாம். ஆனால் தாளை நோக்கினால் வேறொரு காரணம் கிடைக்கிறது. அங்கு மகரம், அடுத்து ஐகாரக் கொம்பு, அடுத்து கோடு என்ற வரிசை இருந்தது. ழகரத்தை மட்டும் நீக்கி, அதன் குறியை அப்படியே விட்டுவைத்ததன் விளைவு இது. கொம்பு முன்நிற்கும் மகரத்துக்குரியது போலத் தோன்றி 'மை' என்று வாசிக்கப்பட்டது. 'மை'க்குப் பின் என்ன எழுதுவது? நிலா என்னும் சொல்லிலும் இதே நிலை. 'நி', கோடு, பின் தனித்த கால். அதனை அவள் ரகரமாகவே கொண்டாள்.

ஓரெழுத்தை விட்டு நிரப்பச் செய்யும் பயிற்சி ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கு விடப்படுவது ஒரு வடிவம். எஞ்சியவை ஊறுபடாமல் நிற்கும். தமிழில் மெய்வடிவை மட்டும் விட்டால் குறி பற்றுக்கோடின்றி நிற்கிறது. ஒருங்குறியில் தட்டினால் அவ்விடத்தில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று தோன்றும். அதனை எவ்வாறு வாசிப்பது என்று குழந்தைக்கு யாரும் கற்பித்ததில்லை. இதனைத் திருத்தும் வழி ஒன்றே. விடப்படுவது முழு உயிர்மெய்யாக இருத்தல் வேண்டும். 'ம' என்று எழுதிக் கோடிட்டு, அருகில் லை, ளை, ழை என்னும் மூன்றையும் கொடுத்து ஒன்றைத் தெரிந்தெடுக்கச் செய்யலாம். இடைவெளி, கோடு, வினாவமைப்பு ஆகிய மூன்றிலும் அலகு உயிர்மெய்யே.

எண்ணிக்கைக் குறைப்பு

இருபதை எட்டாக்கியது தவறன்று. ஒரு தாளில் ஆறு முதல் எட்டு வினாக்கள் என்பது இத்தகைய குழந்தைக்குத் தாங்கத்தக்க அளவே. எந்த எட்டு என்பதே வினா. கடைசிப் பன்னிரண்டை வெட்டியபோது ழகரமும் றகரமும் ணகரமும் தாளைவிட்டு நீங்கின. எட்டில் ஆறு என்னும் மதிப்பெண் லகர ளகர வேறுபாட்டை மட்டும் அளந்தது. இருபது வினாக்கள் எதனைச் சோதிக்க வகுக்கப்பட்டனவோ அதனை அது அளக்கவில்லை. மொழிபெயர்ப்பில் நூலின் முற்பகுதியை மட்டும் பெயர்த்துவிட்டு அதனைச் சுருக்கம் என்று அழைப்பதற்கு இஃது ஒப்பாகும்.

நீங்கியவை அச்சிறுமியின் வலிமைகள் என்பது மேலும் வருந்தத்தக்கது. தமிழ்நாட்டுப் பேச்சில் பல வட்டாரங்களில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டது. ரகர றகர வேறுபாடும் பெரும்பாலும் செவிக்கு எட்டுவதில்லை. ஆகவே தமிழ்நாட்டுக் குழந்தை இவற்றை நினைவால் எழுதுகிறது. கொச்சியிலோ மலையாளம் இவ்வேறுபாடுகளைப் பேச்சில் காத்து நிற்கிறது. மழ, வாழ, கோழி, பழம் என்னும் சொற்களில் ழகரத்தைச் சுள்ளிக்கல் தெருவில் அவள் நாள்தோறும் கேட்கிறாள். கறி உண்ணும் பொருள், கரி அடுப்புக்கரி. இவ்விரண்டையும் அங்கு யாரும் ஒன்றாக ஒலிப்பதில்லை. பல் எது, பள் எது என்று திகைக்கும் குழந்தைக்கும் செவி துணைசெய்யும் சொற்கள் உண்டு. அவை வெட்டப்பட்ட பன்னிரண்டில் இருந்தன. வாசிப்பு இடர்ப்பாட்டின் வேர் பெரும்பாலும் ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் உள்ளது என்று கொண்டால், ஒலி தெளிவாக உள்ள இடத்திலிருந்து தொடங்குவதே முறை.

தோள் என்னும் வினாவில் வேறொரு குறையும் உண்டு. 'தோ' என்பதன்பின் லகரம் இட்டாலும் சொல் பிறக்கும். தோல் என்பதும் தமிழ்ச்சொல்லே. படமோ தொடரோ இன்றி இவ்வினாவுக்கு ஒரே விடை என்பது பொருந்தாது. மறம் என்பதும் அத்தகையது. அதனிடத்தில் மரம் என்று எழுதினால் பிழை என எவ்வாறு கூறுவது? பள்ளி என்பதனைப் பற்றியும் ஒரு சொல். மட்டாஞ்சேரிக் குழந்தைக்குப் பள்ளி என்றால் முதலில் மசூதியோ தேவாலயமோ நினைவுக்கு வரும். எழுத்துப் பயிற்சிக்கு அது தடையன்று என்றாலும் படம் வரைவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

பக்க அமைப்பு

இரு பத்தி அமைப்பு இடத்தை மிச்சப்படுத்தியது. வேறு பயன் இல்லை. சிறுமி இடப்பத்தியின் முதற்சொல்லை முடித்தவுடன் வலப்பத்தியின் முதற்சொல்லுக்குத் தாவினாள். பின் இரண்டாம் வரியைத் தேடினாள். தனிச்சொற்களாயின் இது பொறுக்கத்தக்கது. தொடர்களாயின் தீங்கு பெரிது. தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்பவை. எழுத்தைப் பெரிதாக்கிப் பத்தியைக் குறுக்கினால் வரியிறுதியில் சொல் முறியும். தமிழ் அச்சில் இணைப்புக்கோடு இன்றி எவ்வெழுத்திலும் சொல்லை முறிப்பது மரபாகிவிட்டது. 'படித்துக்கொண்டி' என்று ஒரு வரி முடிந்து 'ருந்தான்' என்று அடுத்தது தொடங்கினால், வரியெல்லை சொல்லெல்லை என்று நம்பும் குழந்தை இரு சொற்களை உண்டாக்கிக்கொள்ளும். ஆங்கில நெறி வரிக்கு அறுபது எழுபது எழுத்துகள் என்று கூறுவதைத் தமிழில் எண்ணிக்கொண்டிராமல், சொல் முறியாதவாறும் வலவோரம் சீராக்கப்படாதவாறும் வரியை அமைத்து, இயன்றவரை ஒரு தொடருக்கு ஒரு வரி என வைத்துக்கொள்வது போதும். வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு வெளி வேண்டும். மு, கு போன்றவற்றின் கீழ்ச்சுழியும் அடுத்த வரியின் புள்ளியும் இகரக்குறியும் ஒன்றையொன்று நெருங்காதிருப்பதே அளவு.

இவற்றைக் கருத்திற்கொண்டு ஆசிரியையும் இக்கட்டுரையாளரும் மூன்றாம் தாளை அமைத்தனர். ஒருங்குறியில், ரகரத்தின் வால் எங்கும் தெளிந்த எழுத்துரு ஒன்றில், 16 பாயிண்ட் அளவில் ஆறு சொற்கள் வைக்கப்பட்டன: மழை, கோழி, கறி, கரி, பள்ளி, பாலம். வரிக்கு ஒரு சொல். இடப்புறம் சிறு படம். வலப்புறம் தெரிவுக்குரிய உயிர்மெய்கள். எழுத்திடை வெளி 1 பாயிண்ட் மட்டும். சொல்லிடை வெளி இரு மடங்கு. தலைப்பில் கட்டளை ஒரே தொடர். அதன்கீழ் செய்து காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று. முதலில் எழுத்திடை வெளியை 3 பாயிண்டாகவே வைக்கவேண்டும் என்று கூறியவர் இக்கட்டுரையாளரே. ஒருங்குறி குறிகளைப் பிளக்காது என்பது உண்மையாயினும், அவ்வளவு வெளியில் சொல்லின் உள்வெளியும் புறவெளியும் கண்ணுக்கு ஒன்றாகி, கட்டளைத் தொடரைச் சிறுமி எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஆசிரியை அதனைக் கண்டு குறைக்கச் சொன்னார்.

வெளியால் பயன் உண்டா என்பதனை அறிய, அதே ஆறு சொற்களை வெளி கூட்டாத தாளில் வேறொரு நாளில் கொடுத்தோம். மதிப்பெண்ணைவிடப் பிழையின் வகையே நோக்கத்தக்கது. காலை ரகரமாகக் கொள்ளுதல், புள்ளியை விடுதல் போன்ற வடிவப் பிழைகள் வெளியில்லாத தாளில் கூடினால் வெளி உதவுகிறது எனலாம். லகரத்துக்கு ளகரம் எழுதும் பிழை இரு தாளிலும் ஒரே அளவில் நின்றால் அது வெளியைச் சார்ந்ததன்று. இச்சிறுமியிடம் வடிவப் பிழைகள் முதலாவது வகையாகவே இருந்தன. எழுத்துரு மாறியவுடன் அவற்றில் பெரும்பகுதி நீங்கியது. எழுத்திடை வெளியால் வந்த மாற்றம் சிறிது.

கறி, கரி இரண்டையும் அவள் படத்தைப் பார்த்துத் தயங்காமல் எழுதினாள். மழையும் கோழியும் அவ்வாறே. மறுவாரம் எஞ்சிய மரம், மறம், மனம், மணம், கண், பனை ஆகியவற்றைக் கொண்ட தாள் கொடுக்கப்பட்டது. மணம் என்பது மலையாளத்தில் வாசனையைக் குறிக்கும் நாள்வழக்குச் சொல். அதனையும் மனத்தையும் பிரித்தறிந்தாள். மறம் மட்டும் மரமாகவே வந்தது. அச்சொல்லை அவள் இரு மொழியிலும் கேட்டிருக்கவில்லை. அதற்கு வரையத்தக்க படமும் ஆசிரியைக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தாளில் அவ்விடத்தில் பறவை என்னும் சொல் வைக்கப்பட்டது.